கையை எப்போது விடுவது?

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, மறு பக்கம் ஊர். அங்கே ஒரு மூன்றாம் வகுப்பில், பணியில் சேர்ந்து சில நாளே ஆன ஓர் ஆசிரியை பாடம் நடத்துவதாக நினைத்துக்கொள்வோம். பாடம், கடன் வாங்கிக் கழித்தல். பாடவேளை 40 நிமிடம்.

கரும்பலகையில் 52 − 27 என்று எழுதுகிறார். "2-லிருந்து 7 போகாது. பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கணும். இப்போ இது 12. 12-ல 7 போனா 5. இங்கே 5 இப்போ 4. 4-ல 2 போனா 2. விடை 25. புரிஞ்சுதா?" வகுப்பு முழுக்க ஒரே குரல்: "புரிஞ்சுது மிஸ்!" புத்தகத்திலிருந்து பத்துக் கணக்கு கொடுத்து, தனியாகப் போடச் சொல்கிறார். முதல் கணக்கு, பலகையில் இருந்த அதே 52 − 27. மாலையில் நோட்டுகளைத் திருத்தும்போது பாதிப் பிள்ளைகளின் விடை 35 என்று இருக்கிறது.

பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று அவருக்குத் தோன்றும். கவனித்தார்கள். அவர் காட்டியதற்கும் அவர்கள் தனியாகச் செய்ததற்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு கட்டம்தான் விடுபட்டுப்போனது. பாடக்குறிப்பேட்டில் ஆர்வமூட்டல் உண்டு, மதிப்பீடு உண்டு, தொடர்பணியும் உண்டு. நடுவில் 'வலுவூட்டல்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுக் கடந்து போகிறோமே, அந்த இடத்தில்தான் பாடம் நிற்கிறது அல்லது விழுகிறது.

மணலில் இருந்த மூன்று படிகள்

இந்த நடுக்கட்டம் நம்மிடம் பழையது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை 'அ' எழுதக் கற்ற விதத்தை நினைத்துப் பாருங்கள். வாத்தியார் மணலைப் பரப்பி எழுத்தை எழுதிக் காட்டுவார். அடுத்து, பிள்ளையின் விரலைத் தன் கைக்குள் பிடித்து அதே தடத்தின் மேல் திரும்பத் திரும்ப இழுப்பார். பிறகு பிடியைத் தளர்த்துவார். விரல் தானாகவே தடத்தில் ஓடும். கடைசியில் மணலை நிரவிவிட்டு, "இப்போ நீயே எழுது" என்பார். காட்டுதல், கையைப் பிடித்துச் செய்தல், கையை விடுதல் என்று மூன்று படி. நடுப்படிக்குத்தான் நாள்கணக்கில் நேரம் போகும்.

சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை 1789-இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். மூத்த பிள்ளைகளை வைத்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

1976-இல் உட், புரூனர், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், கற்பவருக்குக் கொடுத்துப் படிப்படியாக விலக்கிக்கொள்ளும் உதவிக்குக் கட்டடத்துச் சாரத்தின் பெயரை வைத்தார்கள். சாரத்தைப் பிரிக்கும் நேரம் எதுவென்று மேஸ்திரிக்குத் தெரியும். வகுப்பறையில் அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் புதிய ஆசிரியரின் முதல் கேள்வி. அதற்கு, அதே கழித்தல் பாடத்தை முதலிலிருந்து திரும்ப நடத்திப் பார்ப்போம். நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்கிறோம்: தொடக்கம் 4 நிமிடம், செய்து காட்டுதல் 8, சேர்ந்து செய்தல் 14, தனியாகச் செய்தல் 10, முடித்தல் 4.

தொடக்கம்: பாடத்தின் முடிச்சே தூண்டில்

ஆர்வமூட்டல் என்றதும் பாட்டு, கதை, விடுகதை என்று தேடுகிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பிறகு "சரி, இப்போ கணக்குக்கு வருவோம்" என்கிறோம். அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தால், தொடக்கம் பாடத்தோடு ஒட்டவில்லை என்று பொருள். நல்ல தொடக்கத்துக்குள் அன்றைய பாடத்தின் முடிச்சே இருக்க வேண்டும்.

கழித்தலின் முடிச்சு என்ன? கையில் மொத்தமாகப் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் வேண்டிய வடிவத்தில் இல்லை. அதாவது சில்லறைத் தட்டுப்பாடு. ஷிப்ட் முடிந்து கடைக்குப் போகும் அப்பாவோடு போய் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஆசிரியை மேசையைக் கடையாக்குகிறார். ஒரு சிறுமியை அழைத்து, காகிதத்தில் செய்த ஐந்து 10 ரூபாய் நோட்டுகளையும் இரண்டு 1 ரூபாய் நாணயங்களையும் கொடுக்கிறார்.

"பிஸ்கட் 27 ரூபாய். கடைக்காரரிடம் சில்லறை கிடையாது. சரியா எண்ணிக் கொடுக்கணும். கொடு பார்ப்போம்."

சிறுமி இரண்டு பத்து ரூபாயை வைக்கிறாள். இரண்டு நாணயத்தையும் வைக்கிறாள். நிற்கிறாள். இன்னும் 5 ரூபாய் வேண்டும். கையில் மூன்று பத்து ரூபாய் நோட்டுகள் இருந்தும் கொடுக்க முடியவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "ஒரு பத்தைப் பக்கத்துக் கடையில மாத்தச் சொல்லுங்க மிஸ்!"

அந்தக் குரலுக்காகத்தான் இந்த நான்கு நிமிடம். நோட்டை மாற்றினால் நான்கு நோட்டும் பன்னிரண்டு நாணயமும். 27 கொடுத்தால் மீதி இரண்டு நோட்டு, ஐந்து நாணயம். விடை 25 என்பதைப் பிள்ளைகள் கணக்குப் போடும் முன்பே கண்ணால் பார்த்துவிட்டார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: 'கடன்' என்ற சொல்லே இங்கு வரவில்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தரவில்லை. ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக 'மாற்றுகிறோம்'. அந்தச் சொல்லை வைத்தே பாடம் முழுக்க நடத்தலாம்.

செய்து காட்டுதல்: கையோடு மனமும் தெரிய வேண்டும்

அடுத்த 8 நிமிடம் ஆசிரியை மட்டும் செய்கிறார். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். அதே 52 − 27. ஐந்து கட்டு, இரண்டு குச்சி. ஒரு கட்டை அவிழ்க்கிறார். பத்துக் குச்சிகள் மேசையில் உதிர்கின்றன. உடனே கரும்பலகையில் 5-ஐ அடித்து மேலே 4 எழுதுகிறார், 2-ஐ அடித்து 12 எழுதுகிறார். குச்சியில் நடந்தது என்னவோ அதுவே பலகையில் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழக்கூடாது. குச்சி விளையாட்டை முடித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பலகைக்குப் போனால், இரண்டும் வேறு வேறு பாடமாகிவிடும்.

இங்கே புதிய ஆசிரியர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. கை செய்வதைக் காட்டுகிறோம், மனம் கேட்கும் கேள்வியைச் சொல்வதில்லை. இந்தக் கணக்கில் அந்தக் கேள்வி ஒன்றே ஒன்று: "கீழே இருக்கிறதை எடுக்க, மேலே இருக்கிறது போதுமா?" அதை வாய்விட்டுக் கேட்டு, வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். "7 எடுக்கணும். 2 தான் இருக்கு. போதாது. அப்போ மாத்தணும்."

இரண்டாவதாக 45 − 17 போட்டுக் காட்டுகிறார். மூன்றாவதாக 57 − 22. "2 எடுக்கணும். 7 இருக்கு. போதும். மாத்த வேண்டாம்." இந்த மூன்றாவது கணக்கு கட்டாயம் வேண்டும். மாற்ற வேண்டிய கணக்குகளை மட்டுமே காட்டினால், எல்லாக் கணக்கிலும் மாற்ற வேண்டும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

சேர்ந்து செய்தல்: சாரம் ஒவ்வொரு பலகையாகப் பிரிகிறது

இதுதான் நாம் முதலில் பார்த்த வகுப்பில் விடுபட்ட கட்டம். 14 நிமிடத்தையும் நான்கு சிறு படிகளாக்கிக்கொள்ளலாம்.

முதல் படியில் சுண்ணக்கட்டி ஆசிரியையிடம், யோசனை பிள்ளைகளிடம். 42 − 18. "முதல்ல என்ன கேட்கணும்?" என்று கேட்டுவிட்டு மூன்று நொடி காத்திருக்கிறார். அதன்பிறகுதான் ஒரு பெயரைச் சொல்கிறார். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற முப்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். "போதுமா?" "போதாது மிஸ்." "ஏன்?" அந்த 'ஏன்' முக்கியம். போதும், போதாது என்ற இரண்டில் ஒன்றை யாரும் குருட்டாம்போக்கில் சொல்லிவிட முடியும்.

இரண்டாம் படியில் பாதி வேலையை அவர் செய்து கொடுக்கிறார். 74 − 36 எழுதி, 7-ஐ 6 ஆக்கி, 4-ஐ 14 ஆக்கி வைத்துவிடுகிறார். மீதியைப் பிள்ளைகள் சிலேட்டில் முடிக்கிறார்கள்: 38. கடினமான பாதி பலகையில் இருக்கிறது. எளிய பாதி அவர்கள் கையில்.

மூன்றாம் படியில் பலகையில் கணக்கு மட்டும். 53 − 29, பிறகு 68 − 25. பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்யலாம். ஒருவர் போடுகிறார், மற்றவர் "போதுமா?" என்று கேட்கிறார். 68 − 25-இல் தேவையில்லாமல் பத்தை மாற்றிய ஜோடியின் சிலேட்டில் 313 என்ற விநோதமான விடை இருக்கும்: 18-இல் 5 போனால் 13, 5-இல் 2 போனால் 3. கேள்வியைக் கேட்காமல் சடங்காகச் செய்தவர்களை அது காட்டிக்கொடுக்கும்.

நான்காம் படி, சாரத்தைப் பிரிக்கலாமா என்று பார்க்கும் படி. ஒரே ஒரு கணக்கு. தனித்தனியாகச் சிலேட்டில் போட்டு, கவிழ்த்து வைத்து, "காட்டுங்க" என்றதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும்.

இரண்டு தவறு, ஒரே விடை

அந்த ஒரு கணக்கு எது? இங்கேதான் நம் 35-க்குத் திரும்ப வேண்டும்.

52 − 27 = 35 என்று எழுதிய பிள்ளைகளில் இரண்டு வகை இருந்திருப்பார்கள். முதல் வகை, எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழிப்பவர்கள். 7-இல் 2 போனால் 5. 5-இல் 2 போனால் 3. விடை 35. இவர்களுக்கு மாற்றுவது என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. இரண்டாம் வகை, பத்தைச் சரியாக மாற்றி, 12-இல் 7 போனால் 5 என்று சரியாகக் கழித்து, ஆனால் பத்துகளில் ஒன்று குறைந்ததை மறந்துவிட்டவர்கள். 5-இல் 2 போனால் 3. விடை அதே 35.

முதல் வகைக்கு ஈர்க்குச்சிக் கட்டைத் திரும்ப அவிழ்த்துக் காட்ட வேண்டும். இரண்டாம் வகைக்கு "5-ஐ அடிச்சியா?" என்று நினைவூட்டினாலே போதும். ஒருவருக்கான மருந்து மற்றவருக்கு உதவாது. ஆனால் நோட்டில் இருவரும் எழுதியிருப்பது ஒரே எண். கீழே இருக்கும் ஒன்றுகள் இலக்கம் மேலே இருப்பதைவிடச் சரியாக 5 கூடுதலாக இருக்கும் எல்லாக் கணக்கிலும் இந்தக் குழப்பம் வரும். 63 − 28, 41 − 16 எல்லாம் அப்படித்தான்.

அதனால் சோதிக்கும் கணக்காக 61 − 28-ஐ எடுத்துக்கொள்வோம். சரியான விடை 33. முதல் வகைத் தவறு செய்தால் 47 வரும்: 8-இல் 1 போனால் 7, 6-இல் 2 போனால் 4. இரண்டாம் வகைத் தவறு செய்தால் 43 வரும்: 11-இல் 8 போனால் 3, 6-இல் 2 போனால் 4. சிலேட்டுகள் மேலே வந்ததும் ஒரே பார்வையில் ஆசிரியைக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் பல கவனக்குறைவால் வருபவை அல்ல, தவறான ஒரு விதியைத் தவறாமல் பின்பற்றுவதால் வருபவை என்பதை ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-இல் விரிவாக எழுதிக் காட்டினார்கள். விதி தெரிந்தால் விடையை முன்கூட்டியே சொல்லலாம். பாடக்குறிப்பு எழுதும்போதே சோதிக்கும் கணக்குக்குப் பக்கத்தில் '33, 47, 43' என்று மூன்று எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தில் நான்கு பேர் 33 காட்டினால் கையை விடலாம். அதற்குக் குறைந்தால், இன்னும் ஒரு கணக்கு சேர்ந்து செய்ய வேண்டும். தனிப் பயிற்சியில் ஐந்து நிமிடம் குறைந்தாலும் பரவாயில்லை. இந்த ஐந்தில் நான்கு என்பது, வகுப்பறைகளைப் பார்த்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்கக் கல்வியாளர் பராக் ரோசன்ஷைன் சொல்லும் அளவு. அவர் எடுத்துக்காட்டும் ஒரு கணித வகுப்பு ஆய்வில், பிள்ளைகள் நன்றாகக் கற்ற வகுப்புகளின் ஆசிரியர்கள் 40 நிமிடத்தில் ஏறக்குறைய 23 நிமிடத்தை விளக்குவதிலும் செய்து காட்டுவதிலும் கேள்வி கேட்பதிலும் செலவழித்தார்கள். கற்றல் குறைவாக இருந்த வகுப்புகளில் அது 11 நிமிடம்தான். இந்த இரண்டாவது வகை ஆசிரியர்கள் சோம்பேறிகள் அல்ல. பிள்ளைகளைச் சீக்கிரம் தனியாக விட்டுவிட்டு, பிறகு பெஞ்சு பெஞ்சாக ஓடித் திரும்பச் சொல்லிக்கொடுத்துக் களைத்தவர்கள்.

தனியாகச் செய்தல்: புதிதாக எதுவும் வேண்டாம்

பத்து நிமிடத்துக்குப் பத்துக் கணக்கு வேண்டாம், ஆறு போதும். 72 − 38, 85 − 49, 96 − 54, 31 − 14, 67 − 23. ஆறாவது ஒரு வாக்கியக் கணக்கு: பேருந்தில் 54 பேர் வந்தார்கள்; சேதராப்பட்டில் 26 பேர் இறங்கினார்கள்; மீதி எத்தனை பேர்? இரண்டு கணக்குகளில் மாற்றத் தேவையில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இங்கு வரக்கூடாதது, சேர்ந்து செய்தபோது பார்க்காத புதுச் சிக்கல். 40 − 16 பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சுழியம் வந்ததும் பிள்ளைகள் 36 என்றோ 30 என்றோ எழுதுவார்கள். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து எடுப்பது தனியொரு முடிச்சு. அதற்கு நாளை ஒரு தனித் தொடக்கமும் தனிச் சாரமும் வேண்டும். வீட்டுப்பாடத்துக்கும் இதே விதிதான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளையும் தனியாக முடிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

இந்தப் பத்து நிமிடத்தில் ஆசிரியை என்ன செய்வார்? சிலேட்டில் 47 காட்டிய நான்கைந்து பேரை முன்னால் அழைத்துக் குச்சிக்கட்டுகளோடு உட்காரவைப்பார். அதற்கு முன் ஒரு நிமிடம் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோரும் முதல் கணக்கைத் தொடங்கிவிட்டார்களா என்று மட்டும் பார்ப்பார். ஒரு பிள்ளையிடம் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால், அந்தப் பிள்ளைக்குச் சேர்ந்து செய்யும் கட்டம் இன்னும் முடியவில்லை; அவனையும் முன்னால் அழைக்கலாம். பத்துப் பேருக்கு மேல் அப்படி இருந்தால், கையைச் சீக்கிரம் விட்டுவிட்டோம். நோட்டை மூடச் சொல்லிவிட்டுப் பலகைக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசி 4 நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் விடையைத் தானே சரிபார்க்கிறார்கள். மீதியையும் எடுத்ததையும் கூட்டினால் முதலில் இருந்தது வர வேண்டும். 33-உம் 28-உம் சேர்ந்தால் 61. ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் வழி கைக்கு வரும்போதுதான் 'தனியாக' என்ற சொல் நிறைவு பெறுகிறது.

இந்த வரிசை பொருந்தாத இடம்

எல்லாப் பாடமும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்றில்லை. முன்பே ஓரளவு தெரிந்த பிள்ளைகளுக்கு முதலில் சிக்கலைக் கொடுத்துத் திணறவிட்டு, பிறகு விளக்குவது நல்ல பலன் தருவதுண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மனு கபூர் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. ஆனால் திணறிப் பார்க்கக் கையில் கொஞ்சமாவது சரக்கு வேண்டும். ஒன்றுகளிலும் பத்துகளிலும் இன்னும் தடுமாறும் மூன்றாம் வகுப்புக்கு, சில்லறைக் கடையில் திணறும் அந்த நான்கு நிமிடமே போதுமான திணறல்.

கதை எழுதுவது, படம் வரைவது போன்ற பாடங்களில் சரி, தவறு என்று ஒரே விடை கிடையாது. அங்கே ஐந்தில் நான்கு என்று எண்ண முடியாது. அப்போதும் காட்டுவது, சேர்ந்து செய்வது, விடுவது என்ற மூன்றும் உண்டு. சேர்ந்து ஒரு பத்தியைப் பலகையில் எழுதியபிறகு தனிப் பத்தி எழுதச் சொல்கிறோம்.

நாளைய பாடக்குறிப்பை எழுத உட்காரும் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஆர்வமூட்டலிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் கடைசிச் சிலேட்டுக் கணக்கை எழுதுங்கள். பிள்ளைகள் அதில் என்னென்ன தவறு செய்யக்கூடும், ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வரும் என்று பக்கத்தில் குறியுங்கள். அவை வேறு வேறு எண்களாக வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அந்தச் சிலேட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: அதற்கு முன் எதைச் சேர்ந்து செய்ய வேண்டும், அதற்கு முன் எதைக் காட்ட வேண்டும், கடைசியாக எந்தக் கடையில் எந்தப் பிள்ளையைச் சில்லறை இல்லாமல் நிறுத்த வேண்டும் என்று. நாளை வகுப்பில் முப்பது சிலேட்டுகள் ஒன்றாக மேலே எழும்போது, கையை விடலாமா என்பதை அவையே உங்களுக்குச் சொல்லும்.